ரசீதின் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும் சலவைக்கடை



ஆனேக்கல் கடைத்தெருவில் உள்ள ஓர் உலர்சலவைக் கடையைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அச்சமன்று காரணம். நான் சொல்லவிருக்கும் குற்றம் அந்த ஒரு கடையோடு முடிவதில்லை என்பதே காரணம். உங்கள் ஊர்க் கடையின் ரசீதைத் திருப்பிப் பார்த்தால் ஏறக்குறைய இதே வாசகங்கள் அங்கும் இருக்கும். ஆகவே இதை ஒரு கடையின் மீதான மதிப்புரையாகவும், ஒரு வழக்கத்தின் மீதான கண்டனமாகவும் சேர்த்தே வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் நிகழ்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தாயார் தம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எனக்கு ஒரு காஞ்சிப் பட்டு எடுத்துக் கொடுத்தார். சந்தன நிற உடல், அரக்குக் கரை; விலை 14,000 ரூபாய். நான்கு முறை உடுத்தியிருப்பேன். நான்காம் முறை ஒரு பந்தியில் கொசுவத்தின் மீது சாம்பார் சிந்தியது. வேலைப் பளுவில் எட்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு திங்கட்கிழமை அச்சேலையையும் அதற்கிணையான ரவிக்கையையும் கடையில் கொடுத்தேன். ஞாயிறன்று ஓசூரில் உறவினர் திருமணம். வெள்ளி மாலை தந்துவிடுவோம் என்றார்கள். ரசீதின் முன்பக்கத்தில் 'பட்டுச்சேலை 1, ரவிக்கை 1, உலர்சலவை' என்று எழுதித் தேதியும் இட்டார்கள். சேலைக்கு 350 ரூபாய், ரவிக்கைக்கு 80 ரூபாய்.

வெள்ளியன்று சேலை வரவில்லை. சனியன்றும் வரவில்லை. திருமணத்திற்கு வேறொரு சேலையில் சென்று வந்தேன். அதனால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. சொன்ன நாளிலிருந்து பதினோராம் நாள் சேலை மட்டும் வந்தது. ரவிக்கை வரவில்லை. சாம்பார் பட்ட இடத்தில் மஞ்சள் கறை செங்கபில நிறமாக மாறியிருந்தது; அதைச் சுற்றி உள்ளங்கையளவு பரப்பில் பட்டின் பளபளப்பு போய் நரைத்தாற்போல் வெளுத்திருந்தது. முந்தானையில் முன்பு இல்லாத ஒரு பழுப்புப் புள்ளியும் தோன்றியிருந்தது. சேலை மட்டும் மல்லிகை வாசனையோடும் கண்ணாடித்தாள் உறையோடும் வெகு அழகாக வந்து சேர்ந்தது.

கேட்டபோது கடையிலிருந்த இளைஞர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். வெளிறிய மையில், கடுகளவு எழுத்தில், ஆங்கிலத்தில் நான்கு நிபந்தனைகள். நிறம் மாறினாலோ துணி சேதமுற்றாலோ கடை பொறுப்பேற்காது. கறை நீங்கும் என்று உறுதியில்லை. தாமதத்திற்குப் பொறுப்பில்லை. துணி தொலைந்தால் சலவைக் கட்டணத்தின் 5 மடங்குக்கு மேல் இழப்பீடு இல்லை. அதாவது என் ரவிக்கைக்கு 400 ரூபாய். தைத்த கூலியே 900.

ஒரு சலவைக் கடை நமக்கு விற்பது நான்கே நான்கு பொருள்களைத்தான்: துணியைப் பழுதின்றிக் காப்பது, கறையை நீக்குவது, கொடுத்ததைத் திருப்பித் தருவது, சொன்ன நாளில் தருவது. ரசீதின் முன்பக்கம் இந்நான்கையும் விற்றுப் பணம் வாங்குகிறது. பின்பக்கம் இந்நான்கையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பிறகு நாம் எதற்குப் பணம் கொடுத்தோம்? இதுவே என் கேள்வி. நான்கையும் வரிசையாகப் பார்ப்போம்.

துணிப் பாதுகாப்பும் கறையும் ஒன்றோடொன்று பிணைந்தவை; ஆகவே அவற்றைச் சேர்த்தே சொல்கிறேன். உலர்சலவை என்றால் நனையாத சலவை என்று பொருளில்லை. நீருக்குப் பதிலாக வேறொரு திரவத்தில் துணி நனைகிறது என்பதே பொருள். பெர்க்குளோரோஎத்திலீன் என்னும் கரைப்பான் உலகெங்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டர்பன்டைன் வகைக் கரைப்பான்களும் நம் நாட்டில் பரவலாக உண்டு. இவை எண்ணெய்யையும் மெழுகையும் கரைக்கும். பட்டிழையை நீரைப் போல ஊதச் செய்யா. அதனால்தான் பட்டுக்கு உலர்சலவை ஏற்றதாகிறது. ஆனால் இக்கரைப்பான்களுக்கு ஒரு வரம்பு உண்டு. வியர்வை உப்பு, சர்க்கரை, காப்பி, புளி போன்ற நீரில் கரையும் பொருள்களை இவை பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். ஆகவே இயந்திரத்தில் இடுவதற்கு முன்பே ஒவ்வொரு கறையையும் அதன் இயல்பறிந்து கையால் நீக்க வேண்டும். உலர்சலவையில் திறமை என்று சொல்லத்தக்கதெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இயந்திரம் எவர் கடையிலும் சுழலும்.

முந்தானையின் பழுப்புப் புள்ளிக்கு இப்போது விடை கிடைத்துவிடுகிறது. அதே பந்தியில் பாயசமும் ஒரு துளி தெறித்திருக்க வேண்டும். உலர்ந்த சர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. கரைப்பான் அதைத் தொடாது. பின்னர் உலர்த்தும் வெப்பத்திலும் நீராவி இஸ்திரியிலும் அது பழுத்து, பாகு கருகுவது போல நிறம் பெற்று வெளிப்படும். 'கொடுக்கும்போது இல்லாத கறை வாங்கும்போது இருக்கிறதே' என்று நம்மில் பலர் சண்டையிட்டிருப்போம். கடைக்காரரும் 'நாங்கள் ஒன்றும் கொட்டவில்லை' என்று சாதித்திருப்பார். இருவர் சொல்வதும் உண்மையே. ஆனால் இதை அறிந்திருக்க வேண்டியவர் யார்? சேலையை வாங்கும்போதே வெளிச்சத்தில் விரித்து, 'சாம்பாரைத் தவிர வேறு ஏதாவது சிந்தியதா? பாயசம், இளநீர், பழச்சாறு?' என்று கேட்பது தொழிலின் முதல் பாடம். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. சேலையை மடிப்புக்கூடக் கலைக்காமல் பைக்குள் இட்டார்கள்.

இனிச் சாம்பார்க் கறை. அதில் எண்ணெய்யும் புளியும் மஞ்சளும் உண்டு. எண்ணெய் கரைப்பானில் போய்விடும். எஞ்சுவது மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின். அது பட்டோடு சாயம் போலவே ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு குணம் உண்டு. அதை நம் வீட்டுப் பெண்கள் வேதியியல் படிக்காமலே அறிவார்கள்: மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கும். காரம் பட்டால் மஞ்சள் செங்கபிலமாகும். புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். என் சேலையின் கறை சிவந்திருந்தது. எனவே கறையின் உட்புற ஓரத்தில், மடிப்பில் மறையும் ஓரிடத்தில், நீர்த்த வினிகரில் தோய்த்த பஞ்சுக் குச்சியை ஒற்றிப் பார்த்தேன். சிவப்பு அந்த இடத்தில் மட்டும் மஞ்சளாகத் திரும்பியது. கரையின் அரக்குச் சாயம் வழிந்திருந்தால் அது இவ்வாறு நிறம் திரும்பியிருக்காது. ஆகவே நிகழ்ந்தது இதுதான்: மஞ்சளை நீக்க யாரோ காரமுள்ள சவர்க்காரத்தையோ சலவைத்தூளையோ நீரில் குழைத்துத் தேய்த்திருக்கிறார்கள், அதை முழுவதும் அலசவுமில்லை.

நரைத்த வட்டத்திற்கும் அதுவே காரணம். பட்டு ஒரு புரத இழை. நனைந்த நிலையில் அதன் வலு குறையும். அப்போது தேய்த்தால் இழையின் மேற்புறம் நுண்ணிய நார்களாகப் பிரிந்துவிடும். அந்நார்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அவ்விடம் வெளுத்ததாகத் தோன்றும். சாயம் போனதாக நாம் எண்ணிக்கொள்வோம்; உண்மையில் போனது இழையின் மேனி. அதை மீட்க எந்தச் சாயக்காரராலும் இயலாது. காரம் புரதத்தை அரிக்கும் என்பதால் சேதம் இரட்டிப்பாகிறது.

இங்கே கடைக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கறை நீக்கத்தில் நீரைப் பயன்படுத்துவதே குற்றமில்லை. கறைக்கேற்ப நடுநிலையான அல்லது சற்றே புளிப்பான கலவைகளை ஒற்றி எடுப்பது முறையான வேலைதான். எட்டு நாள் ஊறிய மஞ்சள் வெளிர்நிறப் பட்டிலிருந்து முழுமையாகப் போகும் என்று எந்த நல்ல தொழிலாளியும் உறுதி தரமாட்டார். 'எண்ணெய் போய்விடும், மஞ்சள் சாயல் கொஞ்சம் நிற்கும், அதற்கு மேல் தேய்த்தால் பட்டு கெடும், என்ன செய்யலாம், சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தால் நிற்கட்டும் என்றே சொல்லியிருப்பேன். கொசுவத்தில் மறைந்துவிடும் ஒரு மஞ்சள் நிழலோடு அச்சேலையை இன்னும் இருபது ஆண்டுகள் உடுத்தியிருப்பேன். கறை போகவில்லை என்பது என் வழக்கே அன்று. போகாத கறையைப் போக்குவதாக எண்ணிப் போகக்கூடாததைப் போக்கிவிட்டார்கள் என்பதே என் வழக்கு. 'கறை நீங்கும் என்று உறுதியில்லை' என்னும் நிபந்தனை நேர்மையானது. ஆனால் அதைத் துணியைக் கெடுக்கும் உரிமமாக நீட்டிக்க முடியாது.

அடுத்தது தொலைந்த ரவிக்கை. ஆனேக்கலில் உள்ளது துணி வாங்கும் முகப்பு மட்டுமே. சலவை நடப்பது தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு பொதுக்கூடத்தில். பல முகப்புகளின் துணிகள் அங்கே குவிகின்றன. சேலை ஓர் இயந்திரத்துக்கும் ரவிக்கை வேறொன்றுக்கும் போகின்றன. பிறகு அவற்றை மீண்டும் சேர்க்க வேண்டும். இதற்காகத்தான் ஒவ்வோர் உருப்படிக்கும் தனி அடையாளச் சீட்டுக் குத்துகிறார்கள். என் ரசீதில் இரண்டு உருப்படிகள். ஆனால் சேலையில் மட்டுமே சீட்டு இருந்தது. ரவிக்கையைச் சேலைக்குள் சுருட்டி ஒரே சீட்டில் அனுப்பியிருக்கிறார்கள். கூடத்தில் அதைப் பிரித்த கணத்திலேயே என் ரவிக்கை பெயரற்றதாகிவிட்டது.

நம் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் குறியிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. எத்தனை வெள்ளாவியில் வெந்தாலும் அழியாது. அடையாளமற்ற சடலங்களை அறிய இந்தியக் காவல்துறையினர் அக்குறிகளைத் துணையாகக் கொண்டதுண்டு. அத்தனை நம்பகமான பதிவேடு அது. அந்தக் காலத்தை நான் போற்றவில்லை. அத்தொழிலைச் சாதியோடு பிணைத்து, படி நெல்லும் பழஞ்சோறும் கூலியாக ஈந்து, வாசலுக்கு வெளியே நிறுத்திய காலம் அது. அது ஒழிய வேண்டியதே. ஆனால் அந்த மனிதர்களிடம் ஒரு சட்டை தொலைந்தால் ஊர் அவர்களை என்ன பாடுபடுத்தியது என்பதையும், இன்று ஒரு நிறுவனத்திடம் தொலைந்தால் அது பின்பக்க நிபந்தனையைக் காட்டிவிட்டு எவ்வளவு எளிதாக நகர்ந்துவிடுகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எளியவரிடம் முழுப் பொறுப்பையும் கேட்டுப் பழகிய நாம், வலியவரிடம் அச்சிட்ட நான்கு வரிகளுக்குப் பணிந்து போகிறோம்.

பணிய வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. இதைச் சொல்ல நான் வழக்குரைஞர் ஆக வேண்டியதில்லை. சொல்லப்போகும் தீர்ப்பு ஒரு சலவைக்கடைத் தீர்ப்பு, அதுவும் ஒரு புடவைத் தீர்ப்பு. 'லில்லி ஒயிட் எதிர் முனுசாமி' என்னும் அவ்வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1966ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்தது. ஒப்பந்தச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் படிப்பது. உலர்சலவைக்குக் கொடுத்த புடவை தொலைந்துவிட்டது. ரசீதின் பின்பக்கத்தில், தொலைந்தால் பொருளின் மதிப்பில் பாதிக்கு மேல் கோர முடியாது என்று அச்சிட்டிருந்தது. நீதிமன்றம் அந்நிபந்தனையைப் பொது நலக் கொள்கைக்கு முரணானது என்று ஏற்க மறுத்தது. அதற்குச் சொன்ன காரணம் எவருக்கும் விளங்கும்: இத்தகைய நிபந்தனையை ஏற்றால், சலவைக்கடைக்காரர் புதுத்துணிகளைப் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளும் வழி திறந்துவிடும், நேர்மையின்மைக்கு அது பரிசு கொடுத்ததாகும்.

இந்தக் காரணத்தை என் ரசீதின் மீது வைத்துப் பாருங்கள். அங்கே பாதி விலை என்றாவது இருந்தது. இங்கே சலவைக் கட்டணத்தின் 5 மடங்கு. ரவிக்கைக்குப் பதில் சேலையே தொலைந்திருந்தால் 14,000 ரூபாய்ச் சேலைக்கு நான் பெறுவது 1,750 ரூபாய். எட்டில் ஒரு பங்கு. இந்தக் கடைக்காரர் சேலையைத் திருடுகிறார் என்று நான் சொல்லவில்லை. திருடினால் இலாபம் வரும்படி ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டு, அதில் கையொப்பமிடாத என்னை அதற்குக் கட்டுப்படச் சொல்கிறார் என்கிறேன்.

மும்பையிலும் இதே போன்ற வழக்கு நடந்தது. 1995ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள அத்தீர்ப்பில், ரசீது இழப்பீட்டைக் கட்டணத்தின் 20 மடங்கு அல்லது பொருளின் பாதி விலை, இரண்டில் எது குறைவோ அது என்று வரையறுத்திருந்தது. வாடிக்கையாளரின் கவனத்திற்குக் கொண்டுவராத அச்சு நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். இத்தீர்ப்புகள் பிற மாநில நீதிமன்றங்களுடையவை; கர்நாடகத்தைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்துபவை அல்ல. எனினும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் ஒன்றே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு தனி வரையறையையே தந்து, நுகர்வோரைப் பாதகத்தில் தள்ளும் முறையற்ற நிபந்தனைகளை அதில் சேர்த்துவிட்டது.

'அப்படியானால் அந்த நிபந்தனையைக் கொடுக்கும்போதே படித்திருக்கலாமே?' என்பார்கள். படித்தேன், கேட்டும் விட்டேன். அந்த இளைஞர் சொன்ன பதில்: "அக்கா, அது சும்மா அச்சடிச்சு வெச்சது. எல்லா பில்லுலயும் இருக்கும். நீங்க பயப்படாதீங்க." இதைக் கேட்டபோது 1951இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. ஒரு பெண்மணி தம் வெண்ணிறத் திருமண உடையை ஒரு சலவை நிறுவனத்திடம் கொடுத்தார். கையொப்பமிடச் சொன்ன தாளைப் பற்றிக் கேட்டபோது, உடையிலுள்ள மணிகளும் சில்லுகளும் சேதமானால் நிறுவனம் பொறுப்பில்லை என்பதற்காகத்தான் என்றார் கடைப்பணியாளர். உண்மையில் அத்தாள் எல்லாச் சேதத்திற்கும் பொறுப்பைத் துறந்திருந்தது. உடை கறையோடு திரும்பியது. கையொப்பமே இட்டிருந்தபோதிலும், பணியாளர் தவறான விளக்கம் தந்தபின் நிறுவனம் அத்தாளின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது என்று தீர்ப்பாயிற்று. கொடுக்கும்போது 'சும்மா அச்சடித்தது', கேட்கும்போது 'சட்டம்' என்று இரண்டு வேடம் போட ஒரு தாளை அனுமதிக்கக் கூடாது.

நான்காவது, சொன்ன நாள். தாமதத்தை நாம் மிகச் சிறிய குற்றமாக நினைக்கிறோம். மழை, மின்வெட்டு, ஆள் வரவில்லை என்றால் போகட்டும் என்று விடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒப்பந்தச் சட்டத்தின் 161ஆம் பிரிவைப் படிக்கும் வரை. ஒருவரிடம் ஒப்படைத்த பொருளை அவருடைய தவறினால் உரிய காலத்தில் திருப்பித் தராவிட்டால், அந்த நேரத்திலிருந்து அப்பொருளுக்கு நேரும் இழப்பு, அழிவு, சீர்கேடு அனைத்திற்கும் அவர் பொறுப்பு. இதன் ஆழத்தைப் பாருங்கள். சொன்ன நாள் வரையில், 'ஒரு சாதாரண மனிதர் தம் பொருளைக் காப்பதுபோல் காத்தேன்; அதையும் மீறி நேர்ந்துவிட்டது' என்று கடை வாதிட இடமுண்டு. அந்த நாள் கடந்தபின் அந்தக் குடை மடங்கிவிடுகிறது. ஆகவே தேதி என்பது வசதிக்காக எழுதும் குறிப்பன்று. பொறுப்பு எந்த நாளில் கனக்கத் தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் எல்லைக்கல். ரசீதில் தேதி எழுதச் சொல்லிக் கேளுங்கள். 'நாலஞ்சு நாள்ல வந்துடும்' என்ற வாய்ச்சொல்லுக்கு எல்லைக்கல் கிடையாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தவிர்ப்பது நேர்மையாகாது. 'ரூ. 80 வாங்கிக்கொண்டு கொண்டுவரும் துணியின் விலை எங்களுக்கு எப்படித் தெரியும்? பழஞ்சட்டையைக் கொடுத்துவிட்டு ஐயாயிரம் கேட்பவர்களும் உண்டு' என்பது கடைக்காரர் தரப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதற்கான மருந்து பின்பக்கத்தில் இல்லை, முன்பக்கத்தில் இருக்கிறது. துணியை வாங்கும்போதே அதன் தோராய விலையையும் வயதையும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதட்டும். அமெரிக்காவில் உலர்சலவையாளர்களின் அமைப்பே துணிவகைக்கேற்ப ஆயுட்காலம் குறித்து, வயதுக்குத் தக இழப்பீட்டைக் குறைத்துக் கணக்கிடும் வழிகாட்டியை வைத்திருக்கிறது. விலையுயர்ந்த துணிக்குக் கூடுதல் கட்டணம் கேட்டாலும் தவறில்லை, தருகிறேன். பொருளின் விலையோடு தொடர்பற்று, சலவைக் கூலியின் மடங்காக இழப்பீட்டை வைப்பதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. கூலியை நிர்ணயிப்பவரும் அவரே, மடங்கை நிர்ணயிப்பவரும் அவரே, தொலைப்பவரும் அவரே.

இனி, இப்பதிவை எழுத வைத்த உண்மையான காரணத்திற்கு வருகிறேன். என் வாக்குவாதம் முற்றியபோது மேலாளர் தொலைபேசியில், ரவிக்கைக்கு 900 ரூபாய் தந்துவிடச் சொன்னார். மகிழ்ந்து கை நீட்டவிருந்தேன். அந்த இளைஞர் கல்லாவைத் திறக்காமல் நின்றார். கேட்டதற்குத் தாழ்ந்த குரலில், "என் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க அக்கா" என்றார். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளை. சீட்டுக் குத்தும் ஊசி தீர்ந்துபோய் ஒரு வாரமாகக் கேட்டும் வரவில்லை என்பதையும் பிறகுதான் சொன்னார். நிபந்தனையின் ஆங்கிலத்தை அவராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. கன்னடத்திலோ தமிழிலோ தெலுங்கிலோ அதை யாரும் அவருக்கு விளக்கியதுமில்லை. தமக்கே புரியாத தாளுக்கு அவர் காவல் நிற்கிறார். அது காக்கத் தவறினால் தண்டனையும் அவருக்கே. அந்த 900 ரூபாயை நான் வாங்கவில்லை.

நிறுவனத்தின் பெயருக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ரவிக்கையின் விலை, சேலையின் சேதத்திற்கு அதன் வயதைக் கழித்து நானே கணக்கிட்ட தொகை, சலவைக் கட்டணம் ஆகியவற்றை நிறுவனமே தர வேண்டும்; பணியாளரின் ஊதியத்தில் பிடிக்கக் கூடாது என்று எழுதி, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் ஆனேக்கல் வட்டம் அடங்கியுள்ள பெங்களூர் நகர மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று முறையிடுவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் இடத்திலேயே முறையிடலாம். கால அவகாசம் இரண்டு ஆண்டுகள். இத்தகைய சிறு தொகைகளுக்குக் கட்டணமும் இல்லை. பின்பக்க நிபந்தனையையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று நேரடியாக எதிர்ப்பதானால் மட்டும் மாநில ஆணையத்திற்குப் போக வேண்டும். முதலில் பேசித் தீர்க்க விரும்புவோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. சலவைக் கடையை வாசனைக்காகவும் உறைக்காகவும் வீட்டு வாசலுக்கு வரும் வண்டிக்காகவும் பாராட்டி நட்சத்திரம் இடாதீர்கள். துணியை உங்கள் முன்னே விரித்துப் பார்த்தார்களா, கறை எதனால் என்று கேட்டார்களா, போகாததைப் போகாது என்று சொன்னார்களா, ஒவ்வோர் உருப்படிக்கும் தனிச் சீட்டு உண்டா, தேதி எழுதினார்களா என்று பாருங்கள். ரசீதின் இரண்டு பக்கத்தையும் கடையிலேயே நின்று படமெடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது உறையைப் பிரித்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கோளாறு இருந்தால் அதை அவர்கள் பிரதியில் எழுதிக் கையொப்பமிட்டு வாங்குங்கள். நான் இவற்றுள் பாதியைத்தான் செய்தேன். அதனால்தான் முந்தானையின் பழுப்புப் புள்ளியைப் பற்றி இன்று என்னால் எதையும் நிறுவ முடியாது.

உங்கள் ரசீதின் பின்பக்கத்தைக் கருத்துப் பகுதியில் இடுங்கள், கடைப்பெயரை மறைத்துவிடுங்கள். எத்தனை மடங்கு, எத்தனை 'பொறுப்பில்லை' என்று சேர்த்துப் பார்ப்போம். என் தாயாரிடம் சேலை இப்படியானதை இன்னும் சொல்லவில்லை. கடிதத்திற்கு வரும் பதிலோடு சேர்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.